ஐஎஸ்இ, ஐஏஇ, ஐடிஏஇ: மாங்கூழ் ஹீட்டரின் வெப்பநிலை லூப்பை எந்த அளவுகோலை வைத்து டியூன் செய்வது?

மே மாதம் பிறந்தால் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் ஷிப்டுக்கு ஓய்வே இருக்காது. பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக இறங்கும். கூழாக்கி, வடிகட்டி, ட்யூபுலர் ஹீட்டரில் ஸ்டீம் கொடுத்துச் சூடாக்கி, டின்னிலோ பையிலோ அடைப்பார்கள். ஹீட்டரைத் தாண்டிவரும் கூழின் வெப்பநிலையைப் பிடித்து வைத்திருப்பது ஸ்டீம் வால்வை ஆட்டும் ஒரே ஒரு பிஐ லூப்தான். பாய்லரில் விறகு குறைந்து பிரஷர் இறங்கினாலும், பம்பு வேகம் மாறினாலும் அடி இந்த லூப்பின் மேல்தான் விழும்.

இந்த லூப்பை டியூன் செய்ய உட்காரும் இன்ஸ்ட்ருமென்ட் ஆட்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எது நல்ல பதில், எதை வைத்து அளப்பது என்பதை. பாடப்புத்தகங்கள் மூன்று அளவுகோல்களைத் தருகின்றன. ஒரே ஹீட்டருக்கு மூன்றும் மூன்று வேறு கெயினைக் கொடுக்கும். நம் ஊர் ஹீட்டருக்கு எது பொருந்தும், ஏன் என்பதை ஒரு கணக்கோடு முழுதாகப் பார்ப்போம்.

மூன்றும் எதை அளக்கின்றன

செட்பாயிண்டுக்கும் அளந்த வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை, e.

```
ISE  = ∫ e² dt
IAE  = ∫ |e| dt
ITAE = ∫ t·|e| dt
```

ஐஎஸ்இ பிழையை வர்க்கம் செய்து கூட்டுகிறது. ஐஏஇ குறியை மட்டும் நீக்கிவிட்டு அப்படியே கூட்டுகிறது. ஐடிஏஇ ஒவ்வொரு பிழையையும், இடையூறு தொடங்கி எத்தனை விநாடி ஆயிற்றோ அதால் பெருக்கிக் கூட்டுகிறது.

வித்தியாசத்தைக் கையால் போட்டுப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். ஒரே இடையூறுக்கு ஒரு லூப் இரண்டு விதமாகப் பதில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். பத்து விநாடிக்கு ஒரு முறை குறித்த பிழை, டிகிரியில்:

| விநாடி | 10 | 20 | 30 | 40 | 50 | 60 | 70 | 80 | 90 | 100 |
|---|---|---|---|---|---|---|---|---|---|---|
| முதல் பதில் | 3.0 | 2.0 | −1.5 | −1.0 | 1.0 | 0.7 | −0.6 | −0.4 | 0.3 | 0.2 |
| இரண்டாம் பதில் | 3.0 | 3.0 | 1.5 | 0.8 | 0.4 | 0.2 | 0.1 | 0 | 0 | 0 |

முதலாவது வேகமாக இறங்கி, பிறகு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே அடங்குகிறது. இரண்டாவது உச்சியில் சற்று அதிக நேரம் நின்றாலும் ஆடாமல் அடங்கிவிடுகிறது. ஒவ்வொன்றையும் பத்து விநாடியால் பெருக்கிக் கூட்டினால் ஐஎஸ்இ முதலாவதுக்கு 184, இரண்டாவதுக்கு 211. ஐஏஇ 107-ம் 90-ம். ஐடிஏஇ 3,680-ம் 2,060-ம். ஐஎஸ்இ-யைக் கேட்டால் ஆடுகிற பதில்தான் நல்லது என்கிறது. ஐஏஇ அடங்கிய பதிலைக் கொஞ்சமாக ஆதரிக்கிறது. ஐடிஏஇ தயக்கமே இல்லாமல் அதைத் தேர்ந்தெடுக்கிறது.

காரணம் எளிது. 3 டிகிரி பிழையை வர்க்கம் செய்தால் 9, ஆனால் 0.3 டிகிரியை வர்க்கம் செய்தால் வெறும் 0.09. கடைசியில் வரும் சின்ன ஆட்டமெல்லாம் ஐஎஸ்இ கணக்கில் காணாமல் போய்விடுகிறது. ஐடிஏஇ-க்கு நேர் எதிர்: எண்பதாவது விநாடியில் மிச்சமிருக்கும் 0.4 டிகிரிக்கு, பத்தாவது விநாடியின் 3 டிகிரியை விட அதிக எடை.

இரண்டாம் வரிசை சிஸ்டத்தில் இதே குணம் சுத்தமான எண்ணாகத் தெரியும். படி மாற்றத்துக்கு ஐஎஸ்இ மிகக் குறைவாவது டாம்பிங் விகிதம் 0.5-ல், அங்கே ஓவர்ஷூட் 16 சதவீதம். ஐடிஏஇ மிகக் குறைவாவது ஏறத்தாழ 0.7-ல், ஓவர்ஷூட் 5 சதவீதத்துக்கும் கீழே. 1953-ல் கிரஹாமும் லேத்ராப்பும் ஐடிஏஇ-யை முன்வைத்தபோது சொன்னதும் இதுதான்: சிறந்த இடத்தை அது மற்றவற்றைவிடத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது.

படி 1: ஹீட்டரை ஒரு தட்டு தட்டிப் பார்ப்பது

கூழ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். தண்ணீரை ஓடவிட்டு எடுத்த எண்கள் கூழுக்குப் பொருந்தாது. கூழ் கெட்டியானது, குழாய்ச் சுவரிலிருந்து வெப்பம் ஏறும் விதமே வேறு. லூப்பை மேனுவலில் போட்டு, வெப்பநிலை 95-ல் அசையாமல் நிற்கும் வரை பொறுத்திருங்கள். அப்புறம் வால்வை 42-லிருந்து 45 சதவீதத்துக்கு ஒரே தட்டாக ஏற்றுங்கள். இறக்கிப் பார்க்க வேண்டாம். குறைந்தபட்ச வெப்பநிலைக்குக் கீழே போனால் அந்தக் கூழைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும்.

நம் உதாரணத்தில் வெப்பநிலை 95-லிருந்து 98.6-ல் போய் நின்றது. 3 சதவீதத்துக்கு 3.6 டிகிரி, அதாவது ஹீட்டரின் கெயின் K சதவீதத்துக்கு 1.2 டிகிரி. அடுத்து ட்ரெண்டில் இரண்டு புள்ளிகளைப் பிடியுங்கள். மொத்த ஏற்றத்தில் 28.3 சதவீதம், அதாவது 96.0 டிகிரியைத் தொட்டது 23.3-வது விநாடியில். 63.2 சதவீதம், அதாவது 97.3-ஐத் தொட்டது 50-வது விநாடியில். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை 1.5-ஆல் பெருக்கினால் டைம் கான்ஸ்டன்ட் τ: 40 விநாடி. 50-லிருந்து 40-ஐக் கழித்தால் டெட் டைம் θ: 10 விநாடி. இரண்டின் விகிதம் θ/τ 0.25.

படி 2: எந்தச் சூத்திரம், எந்த எண்

இந்த இடத்தில்தான் பலர் தவறான அட்டவணையை எடுத்துவிடுகிறார்கள். செட்பாயிண்டை மாற்றும்போது பிழை குறைய வேண்டுமா, இடையூறு வரும்போது குறைய வேண்டுமா என்பதற்கு ஏற்பச் சூத்திரங்கள் வேறு. இடையூறுக்கு 1967-ல் லோபஸ் குழு வெளியிட்டவை, செட்பாயிண்டுக்கு 1969-ல் ரொவீரா குழு வெளியிட்டவை. நம் ஹீட்டரில் ஷிப்டு முழுக்க செட்பாயிண்ட் மாறுவதே இல்லை, ஸ்டீம் பிரஷர்தான் மாறுகிறது. ஆகவே இடையூறுக்கானவை. விகிதம் 0.1-லிருந்து 1 வரை இருந்தால் மட்டுமே இவை பொருந்தும், நம்முடைய 0.25 அதற்குள் இருக்கிறது.

```
Kc = (a/K)·(θ/τ)^b      Ti = τ / [c·(θ/τ)^d]

         a       b        c       d
ISE    1.305  −0.959    0.492  −0.739
IAE    0.984  −0.986    0.608  −0.707
ITAE   0.859  −0.977    0.674  −0.680
```

நம் எண்களைப் போட்டால் ஐஎஸ்இ-க்கு கண்ட்ரோலரின் கெயின் Kc 4.11, இன்டெக்ரல் நேரம் Ti 29.2 விநாடி. ஐஏஇ-க்கு 3.22-ம் 24.7-ம். ஐடிஏஇ-க்கு 2.77-ம் 23.1-ம். கெயினின் அலகு ஒரு டிகிரிக்கு இத்தனை சதவீதம் வால்வு என்பது. ஐஎஸ்இ-யின் கெயின் ஐடிஏஇ-யுடையதைப் போல ஒன்றரை மடங்கு.

செட்பாயிண்ட் சூத்திரத்தில் ஐடிஏஇ-க்கு இதே ஹீட்டர் 1.74 கெயினும் 40 விநாடியும் தரும். அட்டவணையை மாற்றி எடுத்தால் எவ்வளவு விலகிப் போகிறோம் என்பது இதிலேயே தெரிகிறது.

படி 3: உச்சியையும் விளிம்பையும் சோதிப்பது

ஐஎஸ்இ-யை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணம், அது பெரிய உச்சியைக் குறைக்கும் என்பது. உண்மைதான். ஆனால் எவ்வளவு குறைக்க முடியும்? வால்வில் 10 சதவீதத்துக்குச் சமமாக ஸ்டீம் குறைந்ததாக வைத்துக்கொள்வோம். வெப்பநிலை இறங்கத் தொடங்கியதும் கண்ட்ரோலர் உடனே வால்வைத் திறந்தாலும், அதன் பலன் சென்சாருக்கு வந்து சேர இன்னும் 10 விநாடி ஆகும். அந்த 10 விநாடியில் வெப்பநிலை 1.2 × 10 × (1 − e^(−0.25)), அதாவது 2.65 டிகிரி இறங்கிவிடும். எந்தக் கெயினும் இதைத் தடுக்க முடியாது. 2.65-க்கு மேலே உள்ள மிச்சத்தில் மட்டும்தான் டியூனிங்குக்கு வேலை. உச்சியை நிஜமாகவே குறைக்க வேண்டுமென்றால் டெட் டைமைக் குறைக்க வேண்டும்: சென்சாரை ஹீட்டர் வாய்க்கு அருகே கொண்டுவருவது, தடித்த தெர்மோவெல்லை மாற்றுவது. இல்லையென்றால் ஸ்டீம் பிரஷருக்குத் தனி ரெகுலேட்டர் வைத்து இடையூறையே குறைக்க வேண்டும்.

இனி விலையைப் பார்ப்போம். லூப் நிற்காமல் ஆடத் தொடங்குவதற்கு முன் ஹீட்டரின் கெயின் எத்தனை மடங்கு உயரலாம் என்பது கெயின் மார்ஜின். நம் மாடலில் கணக்கிட்டால் ஐஎஸ்இ-க்கு 1.21, ஐஏஇ-க்கு 1.49, ஐடிஏஇ-க்கு 1.70. அதாவது ஐஎஸ்இ டியூனிங்கில் கெயின் 21 சதவீதம் கூடினாலே லூப் கைவிட்டுப் போகும்.

அந்த 21 சதவீதம் நம் ஆலையில் தினமும் நடக்கிற விஷயம். அடைக்கும் பக்கத்தில் பை மாற்றத் தாமதமானால் ஆபரேட்டர் பம்பு வேகத்தைக் குறைப்பார். மணிக்கு 6 டன் ஓடியது 5 டன்னாக இறங்கினால், அதே ஸ்டீம், குறைவான அளவு கூழைச் சூடாக்கும். கெயின் ஏறத்தாழ 1.2 மடங்காகி 1.44 ஆகிவிடும். கூழ் மெதுவாக நகர்வதால் டெட் டைமும் 12 விநாடிக்கு நீளும். டைம் கான்ஸ்டன்ட் மாறவில்லை என்று கடுமையாகவே வைத்துக் கணக்கிட்டால், ஐஎஸ்இ டியூனிங் விளிம்பைத் தாண்டிவிடுகிறது. ஐஏஇ விளிம்பின் மேலேயே நிற்கிறது. ஐடிஏஇ-க்கு இன்னும் 1.15 மார்ஜின் மிச்சம். நிஜத்தில் டைம் கான்ஸ்டன்டும் கொஞ்சம் நீளும் என்பதால் நிலைமை இதைவிடச் சற்றுத் தேவலாம். இருந்தாலும் வரிசை மாறாது. ‘சார், பம்பைக் குறைச்சா வால்வு ஆடுது’ என்று ஆபரேட்டர் சொல்லும் புகாரின் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு: ஓட்டம் மாறுகிற ஹீட்டருக்கு ஐடிஏஇ-யை எடுங்கள். ஐஎஸ்இ-க்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. பம்பு ஒரே வேகத்தில் ஓடும் இடத்தில், பெரிய விலகல் மட்டுமே சேதம் செய்யும், சின்ன ஆட்டம் ஒன்றும் செய்யாது என்றால் அது பொருந்தும். இன்னொன்றும் உண்டு: மேலே போன பிழையையும் கீழே போன பிழையையும் இந்த மூன்றுமே ஒன்றாகத்தான் பார்க்கின்றன. கூழுக்கு அவை ஒன்றல்ல. கீழே போனால் கிருமி தப்பும், மேலே போனால் நிறம் கறுத்து வெந்த வாடை வரும். அதைச் செட்பாயிண்டைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துத்தான் சரிக்கட்ட வேண்டும், டியூனிங் அதைச் செய்யாது.

படி 4: மிகக் குறைந்த ஓட்டத்துக்கு டியூன் செய்வது

ஐடிஏஇ எடுத்தாலும் 1.15 மார்ஜினோடு ஒரு சீசனை ஓட்ட முடியாது. அளவுகோலைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், இனி அது எந்த ஹீட்டருக்கு என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் ஓட்டக்கூடிய மிகக் குறைந்த வேகத்தில் தட்டுச் சோதனையைத் திரும்பச் செய்து, அந்த எண்களைச் சூத்திரத்தில் போடுங்கள். K 1.44, டெட் டைம் 12, டைம் கான்ஸ்டன்ட் 40 என்றால் கெயின் 1.93, இன்டெக்ரல் நேரம் 26.2 விநாடி வரும். இந்த எண்களோடு முழு ஓட்டத்தில் ஓடும்போது மார்ஜின் 2.5.

இதற்கும் ஒரு விலை உண்டு. பிஐ லூப்பில், இடையூறுக்குப் பிறகு குறியோடு கூட்டிய மொத்தப் பிழை Ti/Kc × வால்வு நகர்ந்த அளவு. 10 சதவீத இடையூறுக்கு ஐஎஸ்இ எண்களில் அது 71 டிகிரி-விநாடி, முதலில் போட்ட ஐடிஏஇ எண்களில் 83, இப்போது 136. முழு ஓட்டத்தில் மீட்சி மெதுவாகும். எந்த வேகத்திலும் ஆடாத வால்வுக்காக நான் அந்த விலையைக் கொடுப்பேன்.

படி 5: ஆலையில் போடும் முன் கணினியில் ஓட்டிப் பார்ப்பது

```python
def score(Kc, Ti, K=1.2, theta=10.0, tau=40.0, d=-10.0):
    dt, T = 0.1, 400.0
    buf = [0.0] * round(theta/dt)
    y = integ = ise = iae = itae = 0.0
    for k in range(round(T/dt)):
        e = -y
        integ += e*dt
        buf.append(Kc*(e + integ/Ti) + d)
        y += dt*(K*buf.pop(0) - y)/tau
        ise += e*e*dt
        iae += abs(e)*dt
        itae += k*dt*abs(e)*dt
    return ise, iae, itae

for p in [(4.11, 29.2), (3.22, 24.7), (2.77, 23.1), (1.93, 26.2)]:
    print(p, score(*p), score(*p, K=1.44, theta=12.0))
```

ஒவ்வொரு வரியிலும் முதல் தொகுதி முழு ஓட்டத்துக்கு, இரண்டாவது குறைந்த ஓட்டத்துக்கு. ஐஎஸ்இ எண்களின் இரண்டாவது தொகுதியைப் பாருங்கள். T-ஐ 800 ஆக்கினால் அது மேலும் பெருத்துக்கொண்டே போகும், ஆட்டம் அடங்கவில்லை என்று பொருள். ஐடிஏஇ எண்கள் T-ஐ நீட்டினாலும் ஓரிடத்தில் நின்றுவிடும்.

வால்வு 0-க்கும் 100-க்கும் முட்டுவதை இந்த நிரல் பார்க்கவில்லை. வால்வு எவ்வளவு அலைகிறது என்பதையும் மூன்று அளவுகோல்களும் பார்ப்பதில்லை.

படி 6: கண்ட்ரோலரில் எண்ணை ஏற்றுவது

நம் கெயின் டிகிரிக்குச் சதவீதம். கண்ட்ரோலர் பெரும்பாலும் சதவீதத்துக்குச் சதவீதம் கேட்கும். ட்ரான்ஸ்மிட்டர் வரம்பு 0 முதல் 150 டிகிரி என்றால் 1.5 டிகிரிக்கு ஒரு சதவீதம், ஆகவே 1.93-ஐ 1.5-ஆல் பெருக்க வேண்டும்: 2.9. ப்ரொபோர்ஷனல் பேண்ட் கேட்கும் பெட்டியில் 100-ஐ அதால் வகுத்து 34.5 சதவீதம். இன்டெக்ரல் 26.2 விநாடி, நிமிடத்தில் 0.44, நிமிடத்துக்கு எத்தனை முறை என்று கேட்டால் 2.3. பேனலின் கையேட்டைத் திறந்து எந்த அலகு என்று பார்க்காமல் எண்ணை ஏற்றவே கூடாது.

படி 7: ஓடும் லூப்பில் அளப்பது

ட்ரெண்ட் பதிவை விநாடிக்கு ஒரு புள்ளியாக எடுத்துக் கூட்டிவிடலாம். ஐடிஏஇ-க்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். t = 0 என்பது இடையூறு தொடங்கிய கணம். பதிவு தொடங்கிய நேரத்தை வைத்துக்கொண்டால் எல்லாப் பிழைக்கும் எடை கூடி, இரண்டு பதிவுகளை ஒப்பிடவே முடியாது. இரண்டையும் ஒரே நீள ஜன்னலில் எடுக்க வேண்டும். வெப்பநிலை செட்பாயிண்டிலிருந்து 0.2 டிகிரி தள்ளி நிலையாக நின்றுவிட்டால் 400 விநாடியில் அது மட்டுமே 16,000 சேர்க்கும், ஜன்னலை இரண்டு மடங்காக்கினால் 64,000 ஆகும். சென்சார் இரைச்சலும் இப்படியே கடைசிப் பகுதியில் பெருகும். அடங்கிய பிறகு வரும் பகுதியை வெட்டிவிட்டு, இரண்டு பதிவுகளையும் ஒரே இடத்தில் வெட்டுங்கள்.

ஜன்னல் நீள நீள ஐடிஏஇ நிற்காமல் ஏறினால், உடனே டியூனிங்கைத் திருத்தப் போகாதீர்கள். முதலில் வால்வைப் பாருங்கள். கண்ட்ரோலர் அவுட்புட் மெதுவாக ஏறி இறங்க, வெப்பநிலை சட்டென்று ஒரு பக்கம் தாவி அங்கேயே நின்று மறுபடி தாவினால், வால்வு தண்டு பேக்கிங்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேனுவலில் அரை அரை சதவீதமாக ஏற்றிப் பார்த்தால் எத்தனை சதவீதத்துக்குப் பிறகு வால்வு அசைகிறது என்று தெரியும். பேக்கிங்கையோ பொசிஷனரையோ சரிசெய்யும் வரை மூன்று அளவுகோலும் பயன்படாது.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. பாய்லர் பிரஷர் இறங்கி, வால்வு 42-லிருந்து 47-க்குப் போய் நிலைபெற்ற ஒரு நிகழ்வை எடுங்கள். பிழையை இந்த முறை குறியோடு கூட்டுங்கள். 26.2/1.93 × 5, சுமார் 68 டிகிரி-விநாடி வர வேண்டும். நடுவில் ஆடியதா இல்லையா என்பது இதைப் பாதிக்காது. 68-க்குப் பக்கத்தில் வந்தால் நீங்கள் ஏற்றிய எண்கள்தான் உள்ளே ஓடுகின்றன. 45-ஓ 100-ஓ வந்தால் ட்ரான்ஸ்மிட்டர் வரம்பு 1.5-ஐத் தவறவிட்டிருக்கலாம். பல மடங்கு விலகினால் நிமிடமும் விநாடியும் மாறியிருக்கும், அல்லது வால்வு இடையில் எங்கோ முழுதாகத் திறந்து முட்டியிருக்கும்.